வர இயலாத மகனின் மடல்

நுழையும்முன்

உறவினருக்கு எழுதும் கடிதங்களுள் எழுதக் கடினமானது, 'வர இயலவில்லை' என்று தெரிவிக்கும் கடிதம். செய்தி ஒரு வரியில் அடங்கிவிடும். அவ்வரியை எங்கே வைப்பது, அதனுடன் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதில்தான் எழுதுபவர் தடுமாறுகிறார். அத்தகைய கடிதம் ஒன்றை இப்பாடத்தில் காண்போம்.

கடிதத்தின் பின்புலம்

சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் வெல்டராகப் பணிபுரியும் இளைஞர், மன்னார்குடிக்கு அருகிலுள்ள சிற்றூரில் வாழும் தம் பெற்றோருக்கு எழுதுவதாக இக்கடிதம் அமைக்கப்பட்டுள்ளது. அவருடைய தங்கைக்கு ஆவணியில் திருமணம் நடந்தது. வரவிருப்பது தங்கையின் தலைப்பொங்கல். மணமான பெண்ணின் முதற்பொங்கலுக்குப் பிறந்த வீட்டார் புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்கொத்து, வாழைத்தார், புத்தாடை முதலியவற்றைச் சீராகக் கொண்டுசெல்வர். உடன்பிறந்தவனே அச்சீரைக் கொண்டுவந்து கொடுப்பதைப் பெண்ணும் பெற்றோரும் பெரிதும் விரும்புவர். ஆகவே, மகன் வராமற்போவது பண்டிகை விருந்தில் ஓர் இலை குறைவதோடு முடிந்துவிடுவதில்லை. சீர்த்தட்டை ஏந்த வேண்டிய கை இல்லாமற்போகிறது.

கடிதம்

சிங்கப்பூர்,
18.12.2018.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலமாக இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலையிலும் ஒரு குறையுமில்லை. அப்பாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

இந்தப் பொங்கலுக்கு என்னால் ஊருக்கு வர இயலவில்லை. எனக்கு இது மூன்றாம் ஆண்டு. ஆண்டுக்குரிய ஒன்பது நாள் விடுப்பையும் ஆவணித் திருமணத்துக்கு எடுத்துவிட்டேன். சம்பளமில்லா விடுப்பாவது தாருங்கள் என்று மேற்பார்வையாளரிடம் இரண்டு முறை கேட்டேன். இப்போது தளத்தில் ஏற்றியிருக்கும் கப்பலைத் தை பிறக்கும் வாரத்தில் கடலில் இறக்க வேண்டும். அதுவரை ஆளை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்.

தங்கைக்கு இன்றே தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன். அவளிடம் சொல்லும் சுமை உங்களுக்கு வேண்டாம். சீர் கொண்டுபோகப் பெரியப்பா வீட்டு அண்ணனிடம் பேசிவிட்டேன். போகியன்று காலையிலேயே வண்டியோடு வந்துவிடுவதாகச் சொன்னார். பானையை மட்டும் அம்மா தன் கையால் பார்த்து வாங்க வேண்டும். திருமணத்தின்போது மாப்பிள்ளை வீட்டு அத்தை, பெரிய பானையில் பொங்குவதுதான் தங்கள் வழக்கம் என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. கரும்பை வெளியில் வாங்காதீர்கள். கொல்லைக் கரும்பிலேயே வெட்டுங்கள். அது நான் போன தையில் நட்டது என்று அவளுக்குத் தெரியும்.

பொங்கல் செவ்வாய்க்கிழமை வருகிறது. அன்று எனக்கு வேலை உண்டு. நம் வீட்டில் ஏழரை மணிக்குப் பால் பொங்கினால் இங்கே பத்து மணி, தேநீர் இடைவேளை. அந்நேரத்தில் அழைக்கிறேன். அம்மா பேசாவிட்டாலும் பரவாயில்லை. பானைக்குப் பக்கத்தில் தொலைபேசியை வையுங்கள். குலவை எனக்குக் கேட்கட்டும்.

வைகாசியில் நான்காம் ஆண்டு தொடங்கும். அதற்கான விடுப்பு உறுதியான பிறகுதான் வரும் நாளைச் சொல்வேன். செலவுக்குப் பணம் வழக்கம்போல் மாத முதல் வாரத்தில் வரும்.

உங்கள் அன்பு மகன்.

கடிதத்தை ஆராய்தல்

இவ்வகைக் கடிதத்தை ஒருவர் படிக்க மற்றவர் கேட்பது வழக்கம். பெரும்பாலும் தந்தை படிப்பார். தாய் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார். மழை, விளைச்சல், நண்பர் நலம் எனப் பலவற்றை எழுதி, இறுதியில் 'வர இயலவில்லை' என்று முடித்திருந்தால், அவ்வரிவரை தாய் மகன் வரும் நாளையே எதிர்பார்த்துக் கேட்டிருப்பார். மகன் அச்செய்தியை இரண்டாம் பத்தியின் முதல் வரியிலேயே வைக்கிறார். தந்தை தடுமாறாமல் படித்துவிடக்கூடிய அளவுக்கு அது சிறிய தொடராகவும் இருக்கிறது.

அதற்கு முன்னால் நிற்பது நலச்செய்தி மட்டுமே. 'நலம், நலமறிய ஆவல்' என்பது பல கடிதங்களில் வெறும் மரபுத்தொடராக நின்றுவிடுவதுண்டு. இங்கே அதற்கு வேலை இருக்கிறது. பிள்ளை வரவில்லை என்றதும் பெற்றோர் மனம் முதலில் அஞ்சுவது நோயை. அடுத்து அஞ்சுவது வேலையிழப்பை. கெட்ட செய்தி வருமுன்பே அவ்விரண்டு அச்சங்களும் நீக்கப்படுகின்றன.

காரணம் ஒன்றே சொல்லப்படுகிறது. வானூர்திக் கட்டணம் கூடியதையும், உடன்தங்கியிருப்பவர் ஊருக்குப் போயிருப்பதையும், மழையையும் அடுக்கியிருந்தால், 'எதையோ மறைக்கிறான்' என்ற ஐயமே எழும். சொன்ன ஒரு காரணமும் சரிபார்க்கத்தக்கது. சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டப்படி முதலாண்டுப் பணிக்கு ஏழு நாள் ஊதிய விடுப்பு உண்டு. ஆண்டுதோறும் ஒரு நாள் கூடி, பதினான்கு நாள்வரை உயரும். மூன்றாம் ஆண்டுக்கு ஒன்பது நாள் என்பது இக்கணக்கின்படியே அமைகிறது. மேலும், அந்நாட்டில் தீபாவளி பொது விடுமுறை, பொங்கல் அவ்வாறன்று. சிராங்கூன் சாலைப் பகுதியில் பொங்கல் விழா பொலிவுடன் நடைபெறும். ஆயினும் தை முதல் நாள் தொழிலாளிக்கு வேலை நாளே. ஆவணி விடுப்பைக் குறிப்பிடும்போது, தங்கையின் திருமணத்தால்தான் வர முடியவில்லை என்ற குறை தொனிக்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. விடுப்பு எதற்குச் செலவானது என்பது மட்டுமே அங்கே இருக்கிறது.

கடிதத்தின் நீண்ட பத்தி சீரைப் பற்றியது. வருந்துகிறேன் என்று ஓரிடத்திலும் எழுதாத மகன், தாம் இல்லாததால் யாருக்கு எந்த வேலை கூடுகிறது என்று எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார். பெற்றோர் மகளிடம் சொல்லத் தயங்கக்கூடிய செய்தியைத் தாமே சொல்லிவிடுகிறார். பானையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தாயிடமே விட்டுவிடுகிறார். கொல்லைக் கரும்பு பற்றிய வரியில் அவருடைய ஏக்கம் தெரிகிறது. சீரை வேறொருவர் சுமந்து சென்றாலும், அதில் அண்ணன் நட்ட கரும்பு இருக்கும்.

'சித்திரையில் கட்டாயம் வந்துவிடுவேன்' என்று எழுதுவது எளிது. படிப்பவருக்கு அது அன்று ஆறுதல் தரும். ஆனால், விடுப்பு வழங்குவது மகன் கையில் இல்லை. அச்சொல் பொய்த்தால், அடுத்த முறை அவர் எழுதும் உண்மையும் நம்பப்படாது. எனவே, தாம் உறுதியாகச் செய்யக்கூடிய தொலைபேசி அழைப்புக்கு மட்டும் நேரம் குறிக்கிறார். ஊருக்கு வரும் நாளைக் குறிக்கவில்லை.

பணத்தைப் பற்றிய வரி இடம்பெற்றுள்ள முறையையும் காண்க. 'வர இயலவில்லை' என்பதை அடுத்து அது வந்திருந்தால், வராமைக்கு ஈடாகப் பணம் அனுப்புவதுபோல் தோன்றியிருக்கும். கடைசியில், 'வழக்கம்போல்' என்ற சொல்லுடன் வருவதால் அது மாதச் செய்தியாகவே நின்றுவிடுகிறது.

தொலைபேசி இருக்க, இவர் ஏன் கடிதம் எழுதினார் என்ற வினா எழலாம். பேச்சில் தாயின் குரல் தழுதழுத்தவுடன் 'பார்க்கலாம் அம்மா' என்று சொல்ல நேரும். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு வீட்டார் போகிவரை வழிபார்த்திருப்பர்.

கற்பவை கற்றபின்

1. இக்கடிதத்தைப் படித்து முடித்த தந்தை, அன்றிரவே மகனுக்கு எழுதும் மறுமொழிக் கடிதத்தை எழுதுக. தாய் சொல்லச் சொல்லத் தந்தை எழுதும் வரி ஒன்று அதில் இடம்பெற வேண்டும்.

2. மகன் தங்கைக்குத் தனியாக எழுதிய கடிதத்தில், பெற்றோருக்கு எழுதாத எச்செய்தி இருந்திருக்கும்? வகுப்பில் கலந்துரையாடி, அக்கடிதத்தின் முதற்பத்தியை எழுதுக.