வார்ப்பில் எவ்வளவு மிச்சம் விடுவது?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போகும்போது, கிணற்று மேட்டில் பழைய ஆயில் எஞ்சின் ஏதேனும் தென்பட்டால் அதன் புல்லியைச் சற்றுக் கவனியுங்கள். பெல்ட் படும் விளிம்பும் தண்டு நுழையும் துளையும் வழவழப்பாக இருக்கும். இடையிலுள்ள ஆரங்களோ சொரசொரப்பாகவே இருக்கும். வழவழப்பானவை லேத்தில் கடைந்த பரப்புகள். மற்றவை மணல் அச்சிலிருந்து வந்தபடியே விடப்பட்டவை.

கடைய வேண்டிய இடத்தில் வார்ப்பு சற்றுப் பருமனாக இருக்க வேண்டும். எவ்வளவு? முடிந்த புல்லியின் விட்டம் 200 மி.மீ., துளை 40 மி.மீ. என்று கொள்வோம். பக்கத்துக்கு 3 மி.மீ. மிச்சம் விட்டால் வார்ப்பின் விட்டம் 206 ஆகிறது. இரு பக்கமும் கடைவதால் 3 அல்ல, 6 கூடுகிறது. துளைக்கு இதே கணக்குத் தலைகீழ்: கடையும்போது துளை பெரிதாகும், ஆகவே வார்ப்பில் அது 34 ஆக இருக்க வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

உருகிய வார்ப்பிரும்பு உறைந்து குளிரும்போது நீளத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். துளையும் உடன் சுருங்கும். எனவே அச்சு எடுக்கும் மரமாதிரியின் விட்டம் 208, துளைக்கான மணல் கருவின் விட்டம் 34.3. மிச்சத்தைச் சேர்த்த பிறகே சுருக்கத்தைக் கணக்கிட வேண்டும்.

மிச்சம் 1 மி.மீ. போதாதா? போதாது. மணலை ஒட்டிக் குளிர்ந்த மேல்தோல் கடினமானது. அதில் மணல் துகள்களும் பதிந்திருக்கும். வெட்டுளி முதல் வெட்டிலேயே அந்தத் தோலுக்கு அடியில் இறங்க வேண்டும். தோலின் மீது உராய்ந்துகொண்டிருந்தால் முனை மழுங்கிவிடும். அச்சில் மேற்புறமாக இருக்கும் பரப்புக்கு இன்னும் கூடுதலாக விடுவார்கள். கசடும் காற்றுக்குமிழிகளும் மேலே மிதந்து வந்து அங்கே தங்கும் அல்லவா?

இன்னொரு காரணம், கரு நகர்வது. மணல் கரு 3.5 மி.மீ. விலகிவிட்டது என்று வையுங்கள். விளிம்பை மையமாக வைத்துக் கடைந்தால், துளையின் ஒரு புறம் மையத்திலிருந்து 17 + 3.5 = 20.5 மி.மீ. தள்ளி இருக்கும். நமக்கு வேண்டிய ஆரம் 20 தான். அந்தப் புறத்தில் வெட்டுளி படவே படாது; கறுப்புத் திட்டு அப்படியே நிற்கும்.

வார்ப்பைக் கழித்துவிடலாமா? அவசரம் வேண்டாம். நான்கு தாடைச் சக்கில், கரு விலகிய திசையிலேயே மையத்தை 1.5 மி.மீ. நகர்த்திப் பிடியுங்கள். இப்போது துளையின் விலகல் 2. வெட்ட 1 மி.மீ. கிடைக்கிறது. விளிம்பில் மிகக் குறைந்த இடத்திலும் 1.5 மி.மீ. இருக்கிறது. இரு மிச்சங்களும் சேர்ந்து 6; இரு தோல்களுக்கும் ஒவ்வொரு மி.மீ. ஒதுக்கினால், விலகல் 4 வரை தாங்கும். 5 மி.மீ. விலகியிருந்தால் அந்தப் புல்லி மறுபடி உலைக்குத்தான்.

அப்படியானால் 10 மி.மீ. விட்டுவிடலாமே என்பீர்கள். அவ்வளவு இரும்பும் உருக்கிய எரிபொருளும் சுருள் தூளாகக் கீழே விழும். அது மட்டுமா? பருமனான இடம் கடைசியில் குளிர்வதால் அதன் உட்பகுதியில் நுண்துளைகள் விழக்கூடும். ஆழமாகக் கடைந்தால், நல்ல இரும்பை வெட்டி எறிந்துவிட்டு அந்தத் துளைகளை வெளியே கொண்டுவந்தவர்கள் ஆவோம்.