கோப வரைவிலிருந்து பள்ளிக்கு அனுப்பும் மின்னஞ்சல் வரை

கோபத்தில் எழுதிய மின்னஞ்சலைத் திருத்தும் முன், பெறுநர் கட்டத்தில் இருக்கும் முகவரியை அழித்துவிட வேண்டும். பள்ளியிலிருந்து வந்த மடலுக்குப் பதில் எழுதும்போது அந்த முகவரி தானாகவே வந்து நிற்கும். கை தவறி அனுப்பிவிட்டால் திருத்தத்துக்கு வேலையே இருக்காது.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இரண்டாம் பருவக் கட்டணம் பாக்கி என்பதால் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டாள். அன்றிரவு தந்தை எழுதிய வரைவு: "பணம் பிடுங்குவதுதான் உங்கள் வேலையா? எப்போதும் என் மகளை அவமானப்படுத்துகிறீர்கள். போலீசுக்குப் போவேன்."

இதில் உண்மையாகத் தெரிந்தது எது என்று பிரிப்பதே அடுத்த வேலை. தந்தை சம்பவத்தைப் பார்க்கவில்லை. மகள் சொல்லித்தான் தெரியும். அதை அப்படியே எழுதினால் பொய்க் குற்றச்சாட்டு என்று பள்ளி தட்டிக்கழிக்க முடியாது. நடந்தது ஒரு முறை; "எப்போதும்" என்று எழுதினால் பள்ளி அந்தச் சொல்லை மட்டும் மறுத்துவிட்டு விஷயத்தைத் தாண்டிப் போய்விடும். பணத்தாசை என்பது ஊகம். அதுவும் போகட்டும்.

கோப வரைவுகளில் பெரும்பாலும் இல்லாமல் போவது கோரிக்கை. மேலே உள்ளதைப் படிக்கும் தலைமை ஆசிரியருக்கு என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாது. ஒரே கோரிக்கையும் பதிலுக்கு ஒரு தேதியும் போதும். கட்டணப் பாக்கியையும் மறைக்காமல் எழுத வேண்டும். இல்லையெனில் வரும் பதில் முழுக்க அதைப் பற்றியே இருக்கும். மிரட்டல் இருந்த இடத்தில் சட்டத்தை ஒரு வரியில் சொல்லலாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், குழந்தைகளுக்கு உடல் தண்டனை அளிப்பதையும் மனத் துன்புறுத்தல் செய்வதையும் தடை செய்கிறது. அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது என்பதால் ஏழாம் வகுப்பு மாணவிக்குப் பொருந்தும்.

திருத்திய வடிவம்:

"நவம்பர் 12 அன்று முதல் இரண்டு பாடவேளைகள், கட்டணம் பாக்கி என்று கூறித் தன்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தியதாக என் மகள் சொல்கிறாள். பாக்கியை நவம்பர் 30-க்குள் செலுத்திவிடுகிறேன். கட்டணம் குறித்து இனி பெற்றோரிடம் மட்டுமே பேச வேண்டும். அதற்காகக் குழந்தையை வகுப்பிலிருந்து விலக்கக் கூடாது. அப்படி விலக்குவது கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுக்கு முரணானது என்று கருதுகிறேன். எடுத்த நடவடிக்கையை நவம்பர் 19-க்குள் எழுத்தில் தெரிவியுங்கள்."

கோபம் தணிந்ததும் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவதும் உண்டு. "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்", "முடிந்தால் கவனிக்கவும்" போன்ற விடுப்பு விண்ணப்ப நடை நுழைந்தால் புகார் வேண்டுகோளாகிவிடும். "கூடாது" என்பது "கூடாது" என்றே நிற்கட்டும்.

பொருள் வரியில் "ஏழாம் வகுப்பு மாணவி வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டது – நவம்பர் 12" என்று எழுதினால் பின்னர் தேடி எடுப்பது எளிது. மறுநாள் காலை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, குரல் உயரும் வரி ஏதேனும் மிஞ்சியிருந்தால் அதை நீக்கிவிட்டு, அழித்த முகவரியைச் சேர்த்துத் தலைமை ஆசிரியருக்கு மட்டும் அனுப்பலாம்.