லாபம் கூடியும் பங்கு விலை சரிவது ஏன்?

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வளாகம் கொண்டுள்ள இன்ஃபோசிஸ் நிறுவனத்தை நம் வாடிக்கையாளர் பலரும் அறிவர். 2013ஆம் ஆண்டில் அதன் பங்கு விலை கண்ட இரு பெரும் அசைவுகள், பங்கு என்பது எதைக் குறிக்கிறது என்பதை நமக்குத் தெளிவாக்குகின்றன.

அப்போது அந்நிறுவனத்தின் உரிமை, 5 ரூபாய் முகமதிப்புள்ள சுமார் 57 கோடிப் பங்குகளாகப் பிரிந்திருந்தது. ஒரு பங்கை வாங்கியவர் அதில் 57 கோடியில் ஒரு பங்குக்கு உரிமையாளர் ஆகிறார். ஆயினும் வளாகத்தின் ஒரு செங்கல்லைக்கூட அவர் எடுத்துக்கொள்ள இயலாது. ஊதியம், வரி, கடன் ஆகியவற்றைக் கொடுத்த பின் எஞ்சுவதில்தான் அவருக்குப் பாத்தியதை உண்டு. எஞ்சுவது எவ்வளவு என்பது இனி வரும் ஆண்டுகளைப் பொறுத்தது. ஆகவே, பங்கின் விலை என்பது வரவிருக்கும் லாபத்திற்கு இன்று கொடுக்கும் விலையே.

2013 ஜனவரி 11 அன்று வெளியான காலாண்டு முடிவில் நிகர லாபம் 2,369 கோடி ரூபாய். முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட இது சற்றே குறைவு. எனினும், சந்தை இதைவிடப் பெரிய சரிவை எதிர்பார்த்திருந்தது; நிறுவனமோ தன் ஆண்டு வருவாய் மதிப்பீட்டையும் உயர்த்தியது. பங்கு அன்றே சுமார் 17 சதவீதம் ஏறியது.

ஏப்ரல் 12 அன்று அடுத்த காலாண்டு முடிவு வந்தது. லாபம் 2,394 கோடியாகக் கூடியிருந்தது. ஆனால், வரும் ஆண்டில் டாலர் வருவாய் 6 முதல் 10 சதவீதமே வளரும் என்று நிறுவனம் அறிவித்தது. அத்துறையின் ஏற்றுமதி 12 முதல் 14 சதவீதம் வளரும் என்பது நாஸ்காம் அமைப்பின் கணிப்பு. பங்கு அன்று சுமார் 21 சதவீதம் வீழ்ந்தது.

கணக்கைப் பார்ப்போம். அந்த ஆண்டில் பங்கு ஒன்றுக்குக் கிடைத்த லாபம் சுமார் 165 ரூபாய். முதல் நாள் விலை ஏறத்தாழ 2,900 ரூபாய். அதாவது லாபத்தைப் போல் பதினேழரை மடங்கு. மறுநாள் முடிவில் விலை ஏறத்தாழ 2,300 ரூபாய். அதாவது 14 மடங்கு. கையிலிருந்த லாபம் ஒரு ரூபாயும் குறையவில்லை. அதன் வளர்ச்சிக்காகக் கூடுதலாகக் கொடுக்க முன்வந்த மடங்குதான் சுருங்கியது.

இம்மாற்றம் படிப்படியாக நிகழாமல் ஒரே தாவலில் நிகழ்வதற்கும் காரணம் உண்டு. முடிவுகள் எல்லோருக்கும் ஒரே வேளையில் தெரிகின்றன. அக்கணமே பழைய விலையில் வாங்க இருந்தோர் விலகிக்கொள்கின்றனர். அடுத்த பேரம் வெகு தாழ்ந்த விலையில்தான் முடிகிறது. இடைப்பட்ட விலைகளில் வாங்குபவர் இருப்பதில்லை. அதனால், 2,800 ரூபாய்க்கு இறங்கினால் விற்றுவிடுக என்று 'ஸ்டாப் லாஸ்' ஆணை இட்டிருந்தாலும் அவ்விலை கிடைக்குமென்ற உறுதி இல்லை.

எனவே, காலாண்டு முடிவைப் படிக்கும்போது, லாபம் கூடியதா என்பதோடு நின்றுவிடாமல், சந்தை எதை எதிர்பார்த்திருந்தது, வரும் ஆண்டைப் பற்றி நிறுவனம் என்ன சொல்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.