அறிந்தவர் முன் பதவி உயர்வு நேர்காணல்

அதிகாரிப் பதவிக்கான நேர்காணலுக்குச் செல்லும் வங்கி எழுத்தர், எதிரே அமர்ந்திருப்போர் தம்மை நன்கறிந்தவர்கள் என்ற நம்பிக்கையால், தாம் செய்தவற்றைச் சொல்லாது விடுதல் கூடாது.

• தவணை முடியவிருந்த நகைக்கடன்களை முன்கூட்டியே பட்டியலிட்டு, வாடிக்கையாளர்களுக்கு அறிவித்து, ஏலத்துக்குப் போகும் கணக்குகளைக் குறைத்திருந்தால், 'நாங்கள் செய்தோம்' என்று பொதுவாகக் கூறாமல், தாமே எடுத்த முயற்சியையும் அதன் பலனையும் விளக்க வேண்டும்.

• அதே விஷயத்தை அதிகாரியின் ஸ்தானத்திலிருந்து நோக்கி, யாருடைய கடனைப் புதுப்பிக்கச் சம்மதிப்பார், யாருக்கு மறுப்பார், ஏன் என்பதையும் உரைக்க வேண்டும். "இது எழுத்தர் வேலைதானே?" என்று நேர்காணல் குழுவினர் வினவினால், பேச்சு பழைய நாற்காலியிலேயே நிற்கிறது என்றறிந்து, தீர்மானத்தின் பொறுப்பைப் பற்றிப் பேசுக.

• முன்கோபம் போன்ற, குழுவினர் கண்டறிந்த குறையைத் தாமே குறிப்பிட்டு, திருந்தியதற்குச் சாட்சியான அண்மைச் சம்பவம் ஒன்றைக் கூறுக.