தாம்பூலம் மாற்றுவதற்கு முன் பேச வேண்டியவை

பெரியவர்கள் பார்த்து முடிக்கும் திருமணத்தில், பெண்ணின் வேலையைப் பற்றியும் மாமனார் மாமியாரோடு சேர்ந்திருப்பதைப் பற்றியும் மனம்விட்டுப் பேசக் கிடைக்கும் காலம் குறுகியது. இரு வீட்டாரும் 'பிடித்திருக்கிறது' என்று சொன்ன நாளில் அது தொடங்குகிறது. தாம்பூலம் மாற்றி, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியதும் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மனதில் உறுத்தல் எழுந்தாலும், கட்டிய பணத்தையும் ஊர்ப் பேச்சையும் நினைத்து இருவருமே வாய் திறப்பதில்லை.

அந்தக் குறுகிய காலத்தில் பெரும்பாலும் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகலாமா?" "தாராளமா போகட்டும்" என்று பதில் வரும். பதில் சொல்பவர் அதை நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் காலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது அந்தப் பதிலில் இல்லை. பின்னாளில் சண்டை வருவதெல்லாம் அந்த ஆறு மணியில்தான்.

ஒரு வரனை எடுத்துக்கொள்ளலாம். பெண்ணுக்குச் சிறுசேரியில் மென்பொருள் வேலை. மாப்பிள்ளைக்குக் கிண்டியில் வேலை. அம்பத்தூரில் பெற்றோரோடு சொந்த வீடு. அம்பத்தூரிலிருந்து சிறுசேரி நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஒன்பது மணிக்கு இருக்கையில் இருக்க வேண்டுமானால் ஏழு மணிக்கு முன்பே கிளம்ப வேண்டும். வீடு திரும்ப இரவு எட்டாகும். வாரத்தில் இரண்டு நாள் அமெரிக்க வாடிக்கையாளரோடு இரவு பத்து மணி வரை அழைப்பு. இந்த நேரக் கணக்கைப் பெண் அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டு, "காலைச் சமையல் யார் செய்றாங்க? அம்மாவுக்கு மூட்டு வலின்னு சொன்னீங்களே, அப்ப எப்படி?" என்று கேட்கும்போதுதான் பேச்சு உண்மையில் தொடங்குகிறது.

அதற்கு வரும் பதில்களில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பது தவறான பதிலே அல்ல. சேர்ந்து வாழப்போகும் வீட்டில் அம்மாவைக் கேட்காமல் சொல்வதுதான் ஆபத்து. ஆனால் அடுத்தடுத்த இரண்டு பேச்சிலும் அந்தப் பதில் வரவில்லையென்றால், அவர் கேட்கவில்லை, அல்லது கேட்டதைச் சொல்ல விரும்பவில்லை. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது பல வீடுகளில் 'நீயே பார்த்துக்கொள்' என்றாகிவிடுகிறது. "நீங்க வேலைக்குப் போகணும்னு அவசியமே இல்ல" என்பது அன்பான சொல்லாகக் காதில் விழும். அதைச் சொல்பவரிடம், போக விரும்பினால் என்ன ஏற்பாடு என்று மறுபடி கேட்டே ஆக வேண்டும்.

மேற்சொன்ன வரனில் வழிகள் மூன்று. சமையலுக்கு ஆள் வைத்துக்கொண்டு அம்பத்தூரிலேயே இருப்பது. பெண் வேறு அலுவலகம் தேடுவது. மேடவாக்கம் பக்கம் வாடகைக்கு வீடு எடுத்து, சனி ஞாயிறு அம்பத்தூருக்குப் போய்வருவது. மூன்றாவது வழிக்கு வாடகையும் முன்பணமும் ஆகும். அதைவிடப் பெரியது, 'தனிக்குடித்தனம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்' என்ற பேச்சு. எந்த வழியானாலும் முடிவைப் பெற்றோரிடம் மாப்பிள்ளையே சொல்ல வேண்டும், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். மருமகள் வந்தபின் தெரியவந்தால், அவள் கேட்டதாகவே அது நிலைத்துவிடும்.

இந்த ஏற்பாடு குழந்தை பிறக்கும்வரைதான் தாங்கும் என்பதையும் இப்போதே பேசிவிடுவது நல்லது. இந்தியச் சட்டப்படி முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால், பெண் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம்தான் முடிந்திருக்கும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் நான்கு மாதக் குழந்தையைத் தினமும் நாற்பது கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு 'அம்மா இருக்காங்க' என்று மகன் சொல்வது போதாது. மூட்டு வலியோடு நாள் முழுக்கக் குழந்தையைத் தூக்கப்போகிறவர் அந்த அம்மாதான். முடியுமா என்று அவரிடம் நேரடியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

கடைசியாகச் சம்பளம். பெண் தன் பெற்றோருக்கு மாதம் ஏதாவது அனுப்புகிறாள் என்றாலோ கல்விக்கடன் தவணை கட்டுகிறாள் என்றாலோ, தொகையையும் எதுவரை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைக் காக்கும் கடமையை மகனுக்கும் மகளுக்கும் சேர்த்தே வைத்திருக்கிறது. மணமான மகளுக்கு அதில் விலக்கு இல்லை. "எங்க அப்பாவுக்கு மாசம் பத்தாயிரம் கொடுக்கிறேன், கல்யாணத்துக்கு அப்புறமும் கொடுப்பேன்" என்று பெண் சொல்லும்போது, மாப்பிள்ளையும் தன் வீட்டுக் கடனில் மீதி எவ்வளவு, தங்கை திருமணச் செலவில் தன் பங்கு எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் கணக்கைத் திறந்து வைக்க, மற்றவர் "அதெல்லாம் அப்பா பார்த்துப்பார்" என்று நிறுத்திக்கொண்டால், அந்த இடத்தில் தாம்பூலத்தைத் தள்ளிப்போடுவதே சரி.