சந்திக்க நேரம் வேண்டிக் கடிதம் எழுதுதல்

உருக்காலை நகரியம் ஒன்றில் பொது நூலகம் உள்ளது. அங்குப் பணிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த 400 தமிழ் நூல்கள் அதில் இருக்கின்றன. நூலகத்தைப் புதுப்பிக்க இருப்பதால், எவரும் எடுத்துப் படிக்காத நூல்களை ஜூலை 31-க்குள் நீக்கிவிட நிருவாகம் எண்ணியுள்ளது. அந்நூல்களைத் தம் பள்ளிக்குப் பெற மாணவர் விரும்புகின்றனர். இசைவு தர வேண்டியவர் ஆலையின் செயல் இயக்குநர். அவருக்கோ ஓய்வு குறைவு.

மாணவர் முதலில் இவ்வாறு எழுதினர்: “ஐயா, முக்கியமான செய்தி ஒன்றைத் தங்களிடம் பேச விரும்புகிறோம். தங்களுக்கு வசதியான நேரத்தைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.”

இக்கடிதத்தில் பணிவு உண்டு. ஆனால் பயன் இல்லை. உயர் அலுவலருக்கு வரும் கடிதங்களைப் பெரும்பாலும் அவருடைய தனிச்செயலரே முதலில் படிப்பார். எதைப் பற்றிய சந்திப்பு, எவ்வளவு நேரம், எந்த நாள் என்னும் மூன்று வினாக்கள் அவருக்கு எழும். ஒன்றுக்கும் விடை இல்லாத கடிதம் ஒதுக்கி வைக்கப்படும். ‘வசதியான நேரம்’ என்பது பணிவாகத் தோன்றினும், நாட்குறிப்பில் இடம் தேடும் வேலையை அவர்மேல் சுமத்துகிறது. மாணவர் திருத்தி எழுதிய கடிதத்தைப் படியுங்கள். கடிதம் எந்த மொழியில் அமைந்தாலும் முறை இதுவே.

மாதிரிக் கடிதம்

நாள்: 04.07.2025

அனுப்புநர்
மாணவர் தலைவர்,
தமிழ் மாணவர் மன்றம்.

பெறுநர்
செயல் இயக்குநர் அவர்கள்,
உருக்காலை நிருவாக அலுவலகம்.

பொருள்: நூலகத்தின் 400 தமிழ் நூல்களைப் பள்ளிக்கு வழங்குதல் – 15 நிமிடச் சந்திப்பு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஜூலை 31-க்குள் நீக்கப்படவுள்ள தமிழ் நூல்களை எங்கள் பள்ளி நூலகத்தில் வைத்துப் பாதுகாக்க விரும்புகிறோம். பள்ளி முதல்வர் இதற்கு இசைந்துள்ளார். தங்கள் இசைவை வேண்டி, ஆசிரியர் ஒருவருடன் மாணவர் இருவர் தங்களைச் சந்திக்க விழைகிறோம். பின்வரும் நேரங்களுள் ஒன்றை ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம்:

1. ஜூலை 15, செவ்வாய், மாலை 4.00 – 4.15
2. ஜூலை 16, புதன், மாலை 5.00 – 5.15
3. ஜூலை 18, வெள்ளி, மாலை 3.30 – 3.45

பேசவிருப்பவை:
1. நூல்களின் இன்றைய நிலை (3 நிமிடம்)
2. பள்ளியில் செய்துள்ள இட ஏற்பாடு (4 நிமிடம்)
3. தங்கள் வினாக்களும் இசைவும் (8 நிமிடம்)

நூற்பட்டியலை இணைத்துள்ளோம். இந்நேரங்கள் பொருந்தாவிடில், தாங்கள் குறிப்பிடும் அலுவலரைச் சந்திக்கவும் அணியமாக உள்ளோம். ஜூலை 11-க்குள் விடை கிடைப்பின் நன்றியுடையோம்.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

விளக்கம்

மூன்று நேரங்களும் வெவ்வேறு நாள்களில் அமைந்திருப்பதைக் காண்க. ஒரே நாளில் மூன்றையும் குறித்திருந்தால், அவர் அன்று வெளியூர் செல்லும்போது மூன்றும் வீணாகும். பத்து நேரங்களைக் குறிப்பதும் தவறு. செயலர் மீண்டும் தேட நேரும். விடை வரும்வரை அம்மூன்று நேரங்களிலும் மாணவர் வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. ஜூலை 31-க்கு ஏறத்தாழ இரு வாரம் முன்பே நாள்கள் அமைந்திருப்பதால், இசைவு கிடைத்தபின் நூல்களை எடுத்துச் செல்லவும் காலம் இருக்கும்.

‘நூலகம் பற்றிப் பேசுதல்’ என்பது தலைப்பு மட்டுமே. நிகழ்ச்சி நிரல் ஆகாது. நிரலைப் பிறர் ஒருவரிடம் காட்டி, “இச்சந்திப்பின் முடிவில் எது தீர்மானிக்கப்படும்?” என்று கேளுங்கள். அவரால் விடை கூற இயலாவிடில் நிரலைத் திருத்துங்கள். பாதிக்கு மேற்பட்ட நேரம் இயக்குநருக்கே விடப்பட்டுள்ளதையும் நோக்குக. முடிவெடுப்பவர் அவர், ஐயங்களைக் கேட்க அவருக்கு இடம் வேண்டும்.

குறித்த நாளில் விடை வராவிடில், மறு அலுவல் நாளில் தனிச்செயலரிடம் பழைய கடிதத்தின் நாளைக் குறிப்பிட்டு ஒருமுறை பணிவுடன் வினவலாம். நேரம் உறுதியானதும் நாள், மணி, இடம் ஆகியவற்றை எழுதி நன்றி தெரிவிக்க வேண்டும். சந்திப்பில் 15 நிமிடம் முடிந்ததும் தாமே எழுந்து விடைபெறுதல் முறை.

அருஞ்சொற்பொருள்

இசைவு – ஒப்புதல்
நிகழ்ச்சி நிரல் – பேச வேண்டியவற்றின் வரிசை
அணியமாக – ஆயத்தமாக

பயிற்சி

1. ‘தங்களுக்கு வசதியான நேரம்’ என்னும் தொடர் செயலருக்கு ஏன் சுமையாகிறது?
2. கடிதத்தில் நூற்பட்டியலை இணைத்ததன் பயன் யாது?
3. உங்கள் குடியிருப்புக்கும் பள்ளிக்கும் இடையே பேருந்து விட வேண்டிப் போக்குவரத்துக் கழக மண்டல மேலாளரைச் சந்திக்க வேண்டும். மூன்று நேரங்களும் 10 நிமிட நிரலும் அமைத்துக் கடிதம் எழுதுக.