சுவிட்சர்லாந்தில் பிள்ளைக் கொடுப்பனவு: யாருக்கு, எவ்வளவு, எதுவரை

சுவிட்சர்லாந்தில் பிள்ளைகள் உள்ள தொழிலாளியின் சம்பளத்தோடு மாதந்தோறும் வந்து சேரும் குடும்பக் கொடுப்பனவு, அரசு தன் கருவூலத்திலிருந்து தரும் உதவிப்பணம் அல்ல. தொழில்வழங்குநர்கள் தாங்கள் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தின் மீது ஒரு விழுக்காட்டைக் குடும்ப ஈட்டு நிதியத்துக்குச் செலுத்துகிறார்கள். அந்த நிதியமே பணத்தைத் தருகிறது. வாலே மாநிலத்தில் மட்டும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் ஒரு சிறு பங்கு பிடிக்கப்படுகிறது. மற்ற மாநிலங்களில் தொழிலாளி இதற்கென எதுவும் கட்டுவதில்லை. பெரும்பாலான இடங்களில் நிதியத்தின் பணத்தை முதலாளியே சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுவதால், அது ஏதோ முதலாளியின் தயவு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வேலை மாறும்போது கேட்கக் கூச்சப்படுவதும், கேட்காமலே விட்டுவிடுவதும் இந்த நினைப்பால்தான். இது சட்டப்படியான உரிமை. நாடு முழுவதற்குமான கூட்டாட்சிச் சட்டம் 2009 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. சொந்தத் தொழில் செய்வோரும் 2013 முதல் அதற்குள் வந்துவிட்டார்கள்.

கொடுப்பனவு இரண்டு வகை. பிறந்த மாதத்திலிருந்து 16 வயது நிறையும் மாதம் வரை பிள்ளைக் கொடுப்பனவு. அதன்பின், பிள்ளை படித்துக்கொண்டோ தொழில் பழகிக்கொண்டோ இருந்தால், கல்விக் கொடுப்பனவு. கூட்டாட்சிச் சட்டம் குறைந்தபட்சத் தொகையை மட்டுமே வரையறுக்கிறது: 2025 ஜனவரி முதல் முதலாவதற்கு மாதம் 215 பிராங்க், இரண்டாவதற்கு 268 பிராங்க். இதற்குக் கீழே எந்த மாநிலமும் போக முடியாது, மேலே போகலாம். ஜெனீவா போன்ற சில மாநிலங்கள் கணிசமாகக் கூடுதலாகத் தருகின்றன. சூரிச் 12 வயது வரை 215, 12 முதல் 268 என்று பிரித்துத் தருகிறது. பிள்ளை பிறந்ததற்கு ஒரு தடவைப் பணம் தரும் மாநிலங்களும் உண்டு. எந்த மாநிலத்தின் தொகை கிடைக்கும் என்பதை முடிவு செய்வது பொதுவாக வேலை செய்யும் இடம், குடியிருக்கும் இடம் அல்ல. இந்தக் கொடுப்பனவு வருமான வரிக்கு உட்பட்டது. ஆனால் இதன்மீது ஓய்வூதியக் காப்புறுதிச் சந்தா பிடிக்கப்படுவதில்லை.

தகுதி பெறத் தொழிலாளிக்கு ஒரு குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும். 2025இன் கணக்குப்படி அது ஆண்டுக்கு 7,560 பிராங்க், அதாவது மாதத்துக்கு 630. இந்த எல்லையைத் தாண்டிவிட்டால் முழுக் கொடுப்பனவும் கிடைக்கும். அரைநேர வேலை என்பதற்காகப் பாதித் தொகை என்ற வழக்கம் இப்போது இல்லை. காலையில் இரண்டு மணி நேரம் அலுவலகத் துப்புரவு, மாலையில் ஒரு வீட்டில் வேலை என்று துண்டு துண்டாக வேலை செய்பவர்களுக்கு அந்தச் சம்பளங்கள் கூட்டப்படும். அப்படிப்பட்டவர் விண்ணப்பிக்க வேண்டியது, அதிகச் சம்பளம் தரும் முதலாளி சேர்ந்திருக்கும் நிதியத்தில். சொந்தப் பிள்ளை, தத்துப் பிள்ளை ஆகியோரோடு, கூட வசிக்கும் துணைவரின் முன்னைய பிள்ளைக்கும் வளர்ப்புப் பிள்ளைக்கும் இந்த உரிமை உண்டு.

ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு கொடுப்பனவுதான். தாய், தகப்பன் இருவரும் வேலை செய்தால் யார் வாங்குவது என்பதைக் குடும்பம் தன் விருப்பப்படி முடிவு செய்ய முடியாது. சட்டமே ஒரு வரிசை வைத்திருக்கிறது. இந்த விண்ணப்பங்களைப் பல குடும்பங்களுக்கு நிரப்பிக் கொடுத்தவர்கள் அதிகம் திருத்த நேர்வது இந்த இடத்தைத்தான். முதலில் வேலை செய்பவர். இருவரும் வேலை செய்தால் பெற்றோர் பொறுப்பு உள்ளவர். அதுவும் இருவருக்கும் இருந்தால் பிள்ளை யாரோடு பெரும்பாலும் வாழ்கிறதோ அவர். ஒரே வீட்டில் வாழ்ந்தால், பிள்ளை குடியிருக்கும் மாநிலத்தில் வேலை செய்பவர். அதிலும் இருவரும் சமமாக நின்றால்தான் அதிகச் சம்பளம் வாங்குபவர். ‘குடும்பத் தலைவர்’ என்றொரு படி இந்த வரிசையில் எங்கும் இல்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீடு சூரிச் மாநிலத்தில். கணவர் பக்கத்து மாநிலமொன்றில் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறார். மாதம் 5,200 பிராங்க். மனைவி சூரிச்சிலேயே ஒரு துப்புரவு நிறுவனத்தில் 900, ஒரு வீட்டில் 400 என மாதம் 1,300 சம்பாதிக்கிறார். பிள்ளைகளுக்கு வயது 10, 15. இத்தகைய வீடுகளில் வழக்கமாகக் கணவரே தன் முதலாளியிடம் படிவத்தைக் கொடுத்துவிடுவார், சம்பளம் அவருக்குத்தானே அதிகம் என்று. ஆனால் வரிசைப்படி முதல் உரிமை மனைவிக்கு. பிள்ளைகள் குடியிருக்கும் மாநிலத்தில் அவர் வேலை செய்கிறார், 630 பிராங்க் எல்லையையும் தாண்டியிருக்கிறார். சம்பள ஒப்பீடு என்ற கடைசிப் படிக்குப் போக வேண்டியதே இல்லை. அவர் தன் துப்புரவு நிறுவனத்தின் நிதியம் வழியாக மூத்த பிள்ளைக்கு 268, இளைய பிள்ளைக்கு 215, ஆக 483 பிராங்க் பெற வேண்டும்.

கணவருடைய உரிமை அத்தோடு தீர்ந்துவிடாது. அவர் வேலை செய்யும் மாநிலம் 16 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் 250 தருவதாக வைத்துக்கொள்வோம். இளைய பிள்ளைக்குச் சூரிச் தருவது 215; வித்தியாசமான 35 பிராங்கைக் கணவர் தன் நிதியத்திடம் கேட்டு வாங்கலாம். மூத்த பிள்ளைக்குச் சூரிச் தருவதே கூடுதல் என்பதால் அங்கே வித்தியாசத் தொகை எதுவும் இல்லை. கணக்கு பிள்ளைவாரியாகப் போடப்படும். இந்த வித்தியாசத் தொகைக்குத் தனி விண்ணப்பம் தேவை. யாரும் தேடிவந்து தரமாட்டார்கள்.

தவறான பெற்றோர் வாங்கினாலும் பணம் குடும்பத்துக்குத்தானே வருகிறது, பிறகென்ன என்று தோன்றலாம். 2011 முதல் நாடு முழுவதற்கும் ஒரே மத்தியப் பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் எந்த நிதியம், யாருக்கு, எப்போது முதல் கொடுக்கிறது என்பது அதில் தெரியும். மனைவி பின்னொரு நாள் விண்ணப்பிக்கும்போதோ கணவர் வேலை மாறும்போதோ பிழை வெளிப்படும். முதல் நிதியம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும். இரண்டாவது நிதியம் பின்னோக்கித் தரும் என்றாலும், இரண்டுக்கும் நடுவில் குடும்பம் கடிதங்களோடு அலைய வேண்டியிருக்கும். மணவிலக்குப் பெற்றவர்களுக்கு இங்கே இன்னொரு விதி. ஜீவனாம்சம் கட்டுபவர் கொடுப்பனவை வாங்கினால், அதை ஜீவனாம்சத்துக்கு மேல் தனியாகக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து கழித்துக்கொள்ளக் கூடாது.

பிள்ளை இலங்கையிலோ இந்தியாவிலோ தாத்தா பாட்டியோடு வாழ்ந்தால் கொடுப்பனவு இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழும் பிள்ளைகளுக்கு ஒப்பந்தங்கள் வழிவிடுகின்றன. இவ்விரு நாடுகளுக்கும் அந்த வழி இல்லை. அதனால் பிள்ளையைச் சில ஆண்டுகளுக்கு ஊரில் விட்டுவைக்கும் குடும்பம் அதை உடனே நிதியத்துக்கு அறிவிக்க வேண்டும். படிப்புக்காக மட்டும் சுவிட்சர்லாந்திலிருந்து போகும் பிள்ளையின் நிலை வேறு. அது அதிகபட்சம் 5 ஆண்டுகள் சுவிட்சர்லாந்திலேயே குடியிருப்பதாகச் சட்டம் கருதுகிறது. அயல்நாட்டில் மருத்துவம் படிக்கப் போகும் மாணவிக்கு இந்த 5 ஆண்டுகளும் கல்விக் கொடுப்பனவு தொடரலாம். ஆனால் இது அனுமானம் மட்டுமே. குடும்பத்தோடும் சுவிட்சர்லாந்தோடும் தொடர்பு அறுந்துபோனதற்கு ஆதாரம் இருந்தால் நிதியம் மறுக்கலாம்.

பணம் நின்றுபோகும் முதல் இடம் 16ஆம் பிறந்தநாள். பிள்ளை பள்ளியிலோ தொழிற்பயிற்சியிலோ இருந்தாலும், அதற்கான சான்று நிதியத்தின் கைக்குப் போகாவிட்டால் அந்த மாதத்தோடு பணம் நின்றுவிடும். தொழிற்பயிற்சி என்றால் ஒப்பந்தத்தின் நகல், பள்ளி என்றால் பள்ளி தரும் உறுதிச்சீட்டு. பிறந்த மாதத்துக்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது. கட்டாயக் கல்வியை முடித்து 15 வயதிலேயே பயிற்சியில் சேரும் பிள்ளைக்கு, 2020 ஆகஸ்ட் முதல், 16 வரை காத்திருக்காமலே கல்விக் கொடுப்பனவு உண்டு. நோயாலோ உடற்குறையாலோ சம்பாதிக்க இயலாத பிள்ளைக்குப் பிள்ளைக் கொடுப்பனவு 20 வயது வரை நீளும்.

கல்விக் கொடுப்பனவு படிப்பு முடியும் மாதம் வரை, அதிகபட்சம் 25 வயது நிறையும் மாதம் வரை. படிப்பு என்று ஏற்றுக்கொள்ளப்பட, வகுப்பும் வீட்டுப் பாடமும் தேர்வுத் தயாரிப்புமாக வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் அதற்குச் செலவாக வேண்டும். மாலையில் இரண்டு மொழி வகுப்புகள் போதாது. பிள்ளையின் சொந்தச் சம்பளத்துக்கும் ஒரு வரம்பு உண்டு: சராசரியாக மாதம் 2,520 பிராங்கைத் தாண்டக் கூடாது. தொழில் பழகுநரின் சம்பளம் அந்த அளவுக்கு எட்டுவது அரிது. பகுதிநேரமாகப் படித்துக்கொண்டு பாதிக்கு மேல் வேலை செய்யும் பல்கலைக்கழக மாணவர்தான் இங்கே இடறுகிறார். பார்க்கப்படுவது ஆண்டின் சராசரி. கோடை விடுமுறையில் மூன்று மாதம் 4,000 வீதமும் மீதி ஒன்பது மாதம் 1,000 வீதமும் சம்பாதித்தவரின் ஆண்டு வருமானம் 21,000. மாதச் சராசரி 1,750. அவருக்குக் கொடுப்பனவு நிற்காது.

ஜூலையில் பயிற்சி முடிந்து, செப்டம்பரில் அடுத்த படிப்புத் தொடங்கினால் நடுவிலுள்ள இடைவெளி படிப்பாகவே கொள்ளப்படும். அதற்கு எல்லை 4 மாதம். அடுத்த படிப்பு அந்த இடைவெளி முடிந்த கையோடு தொடங்கியாக வேண்டும். ஓராண்டு வேலை செய்துவிட்டுப் பிறகு படிக்கப் போகும் மகனுக்கு அந்த ஓராண்டில் ஒன்றும் கிடைக்காது. படிப்புத் தொடங்கும் மாதத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். படிப்பை இடையில் கைவிட்ட மகன் அதை வீட்டில் சொல்லாமல் மறைப்பதும் நடக்கிறது. அந்த மாதங்களுக்கான பணத்தை நிதியம் கேட்பது மகனிடம் அல்ல, பெற்றோரிடம்.

பெற்றோர் நோயுற்று வேலைக்குப் போக முடியாவிட்டால், வேலை நின்ற மாதமும் அதற்கடுத்த மூன்று மாதங்களும் கொடுப்பனவு தொடரும். அதன்பின் நோய்க்காப்புறுதியிலிருந்து தினப்பணம் வந்துகொண்டிருந்தாலும், முதலாளி சம்பளம் தராதபோது அவருடைய உரிமை முடிந்துவிடுகிறது. முதுகுவலியோடு ஆறு மாதம் வீட்டில் இருக்கும் சமையல் தொழிலாளியின் குடும்பம் இதைக் கவனிக்காமல் விடுவது சாதாரணம். நான்காம் மாதத்துக்குள் மனைவி தன் வேலையிடத்தில் விண்ணப்பித்துவிட்டால் தொடர்ச்சி அறுபடாது. வேலையிழந்து தினப்படி பெறுபவருக்குப் பிள்ளைக்கான தொகையை வேலையின்மைக் காப்புறுதி சேர்த்துத் தரும். ஆனால் வேலை செய்யும் துணைவர் வாங்க முடியுமென்றால் அவர்தான் வாங்க வேண்டும். இருவருக்கும் வேலை இல்லாத குடும்பத்தில், வரிக்குரிய ஆண்டு வருமானம் 45,360 பிராங்கைத் தாண்டாமலும், ஓய்வூதியத்தோடு வரும் துணைக் கொடுப்பனவு எதையும் பெறாமலும் இருந்தால், மாநிலத்தின் நிதியத்தில் விண்ணப்பிக்கலாம்.

கேட்காமல் விட்டதைப் பின்னோக்கிக் கேட்க 5 ஆண்டு அவகாசம் உண்டு. பழைய முதலாளியை விட்டு வந்துவிட்டிருந்தாலும், அந்தக் காலத்துக்கான விண்ணப்பம் அவர் சேர்ந்திருந்த நிதியத்துக்கே போக வேண்டும். சம்பளச் சீட்டுகளும் பள்ளிச் சான்றுகளும் அதுவரை பத்திரமாக இருந்தால் போதும். 5 ஆண்டுக்கு முந்தைய மாதங்களின் உரிமை அழிந்துவிடும்.